இலவசக் காப்புக்குக் கொடுத்த விலை

2007 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 44 ரூபாய் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் அது 39 ரூபாய் சொச்சத்துக்கு இறங்கியது. திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களில் பலருக்கு லாபமே அவ்வளவு இருக்காது. அந்த நேரத்தில் சில வங்கிகள் சிக்கலான ஆப்ஷன் ஒப்பந்தங்களோடு வந்தன. ‘கட்டணம் எதுவும் இல்லை, சந்தையைவிட நல்ல விலை’ என்பதே அவற்றின் கவர்ச்சி. பலர் கையெழுத்திட்டார்கள்.

புதுச்சேரியின் ஒரு சிறு ஆடை ஏற்றுமதியாளரை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆளும் தொகையும் கற்பனை. ஒப்பந்தத்தின் அமைப்பு உண்மை. அவருக்கு 2008 அக்டோபரில் 1 லட்சம் டாலர் வர வேண்டும். சாதாரண ஃபார்வர்டு ஒப்பந்தத்தில் 40 ரூபாய் கிடைக்கும். 40 லட்சம் உறுதி. ஆப்ஷனிலோ 42 ரூபாய். நிபந்தனை ஒன்றுதான்: தவணை நாளில் டாலர் 42-க்கு மேல் இருந்தால், அதே 42 ரூபாய்க்கு 2 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும்.

2008 அக்டோபரில் டாலர் 49-ஐத் தாண்டியது. அவரிடம் இருப்பது 1 லட்சம் டாலர்தான். மீதியை 49 ரூபாய்க்கு வாங்கி 42-க்குக் கொடுத்தால் நஷ்டம் 7 லட்சம். கூடுதலாகக் கிடைத்த அந்த 2 ரூபாய் சலுகை அல்ல, அவர் தலையில் ஏற்றிக்கொண்ட ஆபத்துக்கான கூலி. காப்பீடு வாங்கியதாக நினைத்தவர் உண்மையில் வங்கிக்குக் காப்பீடு விற்றிருந்தார்.

சிலரது ஒப்பந்தம் சுவிஸ் ஃபிராங்கின் மீது இருந்தது. பனியன் வியாபாரத்தில் ஃபிராங்குக்கு வேலையே இல்லை. 2008 மார்ச்சில் டாலர் முதன்முறையாக 1 ஃபிராங்குக்குக் கீழே போனபோது அந்த நஷ்டமும் வந்து சேர்ந்தது.

சட்டம் கைகொடுக்கும் என்றும் நம்ப முடியாது. கோவையின் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கியோடு நடத்திய வழக்கில், இத்தகைய ஒப்பந்தம் சூதாட்டம் என்ற வாதத்தை 2008-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011-இல் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 15 லட்சம் ரூபாய் வரை. அது ஏற்றுமதியாளருக்கான இழப்பீடு அல்ல.

விவாதத்துக்கு:

1. இன்வாய்ஸ் யூரோவில் இருக்கும்போது டாலர்–ஃபிராங்க் ஒப்பந்தம் எந்த ஆபத்தைக் குறைக்கிறது?
2. ஃபார்வர்டு எடுத்தபின் ஆர்டர் ரத்தானால் நஷ்டம் எப்படி வரும்? ஆர்டர் தொகையில் எத்தனை பங்குக்கு ஃபார்வர்டு எடுப்பது சரி?
3. மேலே சொன்ன ஆப்ஷனில் டாலர் 55-க்குப் போனால் நஷ்டம் எவ்வளவு? அதற்கு உச்சவரம்பு உண்டா?

மூன்றாவது கேள்விக்கு எண்ணாக விடை எழுத முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.