வாரா வாரம் ஏறும் தாமதம்

திருப்பூரில் பனியன் துணி விற்கும் சிறு கடைகள் பலவும் இப்போது ஆன்லைன் ஆர்டரை நம்பித்தான் ஓடுகின்றன. பார்சல் போய்ச் சேரவில்லை என்று வாடிக்கையாளர் திட்டும்போது, பேக்கிங் பார்க்கும் பெண் கூரியர் கிளைக்குப் போன் போடுவார். "அண்ணே, ராம்நாடு பார்சல் இன்னும் போகலையாமே?" "நாளைக்குப் போயிருமுங்க அக்கா." மறுநாள் அந்த ஒரு பார்சல் போய்விடும். அதே ஊருக்குப் போகும் பார்சல்கள் ஒரு மாதமாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருப்பது மட்டும் அந்த உரையாடலில் வெளியே வராது.

அதை வெளியே கொண்டுவரப் பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். ஒரு பார்சலுக்கு நான்கு தகவல் போதும்: புக்கிங் செய்த நாள், கூரியர் சொன்ன கெடு, கையில் கிடைத்த நாள், போகும் ஊரின் பின்கோடு. 1972-இல் வந்த பின்கோடு முறையில் முதல் மூன்று எண்கள் எந்தப் பகுதிக்கான தபால் என்பதைக் காட்டும். 600 என்றால் சென்னை, 623 என்றால் ராமநாதபுரம், பரமக்குடி, ராமேஸ்வரம் பக்கம். அந்த மூன்று எண்ணையே வழித்தடத்தின் பெயராக வைத்துக்கொள்ளலாம். கூரியர்காரர்கள் வண்டியை அதே கணக்கில்தான் பிரிப்பார்கள் என்பதில்லை. ஆனாலும் தொடங்க இது போதும்.

கெடுவை எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பார்சல் வழியில் நின்றுவிட்டால் டிராக்கிங் பக்கத்தில் வரும் தேதியும் சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு. வெள்ளிக்கிழமை என்றிருந்தது திங்கள் என்றாகும். திங்களன்று டெலிவரி ஆனால் ‘சொன்ன நாளில் சேர்ந்தது’ என்று கணக்கில் ஏறும். அதனால் புக்கிங் அன்று சொன்ன தேதியை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். பிற்பாடு அதைத் தொடக்கூடாது.

அடுத்த சிக்கல் வாரத்தைப் பிரிப்பதில் வருகிறது. பலரும் டெலிவரி ஆன பார்சல்களை மட்டும் எடுத்து, அதில் எத்தனை தாமதம் என்று பார்ப்பார்கள். போன வாரம் அனுப்பியவற்றில் சீக்கிரம் சேர்ந்தவை கணக்கில் வந்துவிட்டிருக்கும். மாட்டிக்கொண்டவை இன்னும் வந்திருக்காது. எனவே கடைசி வாரம் எப்போதுமே அழகாகத் தெரியும். தாமதம் ஏறிக்கொண்டிருக்கும் தடம்கூட இறங்குவதுபோல் காட்டும். இதற்கு வழி, புக்கிங் ஆன வாரத்தை வைத்துப் பிரிப்பதும், கெடு தாண்டியும் சேராத பார்சலைத் தாமதம் என்றே எண்ணுவதும்தான். A-இல் புக்கிங் நாள், B-இல் கெடு, C-இல் டெலிவரி நேரம், D-இல் பின்கோடு என்று வைத்தால், எக்செல்லில் இரண்டு வரி:

```
=IF(C2="",TODAY()>B2,INT(C2)>B2)
=LEFT(D2,3)
```

முதல் வரி தாமதமா என்று சொல்லும். இரண்டாவது தடத்தைப் பிரிக்கும். நடுவே INT இருப்பதற்குக் காரணம் உண்டு. டெலிவரி நேரம் மாலை 4 மணி என்று பதிவாகியிருந்தால், வெறும் தேதியாக இருக்கும் கெடுவைவிட அது பெரிய எண். INT போடாவிட்டால் கெடு நாளிலேயே சேர்ந்த பார்சலும் தாமதம் என்று வந்து நிற்கும். ஒரு வாரத்தின் கடைசி புக்கிங்குக்கு உரிய கெடு முடிந்த மறுநாள் அந்த வாரத்தின் கணக்கை மூடிவிடலாம்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு கடை வாரத்துக்கு 640 பார்சல் அனுப்புகிறது. முதல் வாரம் 58 தாமதம், ஐந்தாம் வாரம் 60. சதவீதத்தில் 9.1 என்பது 9.4 ஆகியிருக்கிறது. யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் 623 தடத்தை மட்டும் தனியே எடுத்தால், வாரத்துக்குச் சுமார் 40 பார்சலில் தாமதம் 3, 4, 5, 7, 9 என்று போயிருக்கிறது, அதாவது 7.5 சதவீதத்தில் தொடங்கி 22.5-இல் நிற்கிறது. சென்னைத் தடத்தில் பார்சல் அதிகம். அங்கே தாமதம் கொஞ்சம் குறைந்தாலே போதும், ராமநாதபுரத்தின் ஏற்றம் மொத்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

அப்படியானால் ஏறும் தடத்துக்கெல்லாம் சிவப்புக்கொடி காட்டிவிடலாமா? அவசரப்படக்கூடாது. நான்கு வாரத்து எண்களை வரிசைப்படுத்த 24 வழி உண்டு. அதில் ஒன்றே ஒன்றுதான் தொடர்ந்து ஏறும் வரிசை. ஆகவே ஒரு குறையும் இல்லாமல் எண்கள் தற்செயலாக ஆடும் 24 தடங்கள் இருந்தால், சராசரியாக ஒன்று நான்கு வாரமும் தொடர்ந்து ஏறியதாகக் காட்டும். ஐந்து வாரம் பார்த்தால் அந்த வாய்ப்பு 120-இல் 1 ஆகிவிடுகிறது. நான் ஐந்து வார விதியின் பக்கம். ஒரு வாரம் கூடக் காத்திருப்பது நஷ்டம்தான். அதைவிட, வாரா வாரம் பொய்க்கொடி பார்த்துப் பழகி யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவது பெரிய நஷ்டம்.

ஏறுவது மட்டும் போதாது, எவ்வளவு ஏறியது என்பதும் வேண்டும். 623-இல் முதல் இரண்டு வாரம் சேர்த்து 82 பார்சலில் 7 தாமதம், கடைசி இரண்டு வாரத்தில் 81-இல் 16. இரண்டு மடங்குக்கு மேல். கொடி காட்டத் தகுந்ததுதான். வாரம் ஐந்தாறு பார்சல் மட்டுமே போகும் தடத்தில் இந்த விதியே செல்லாது. அங்கே ஒரு பார்சல் தாமதமானாலே 20 சதவீதம். அத்தகைய தடங்களுக்கு மாதத்தை ஓர் அலகாக எடுப்பது நல்லது. தீபாவளிக்கு முன்பு எல்லாத் தடமும் ஒன்றாகத்தான் ஏறும். அப்போது மற்ற தடங்களைவிட எது கூடுதலாக ஏறியது என்று பார்க்க வேண்டும்.

கொடி எங்கே என்று காட்டும். ஏன் என்று காட்டாது. அதற்கு, தாமதமான பார்சல்களின் ஸ்கேன் நேரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் பார்சல் கோவை வழியாக மதுரை ஹப்புக்குப் போய், அங்கிருந்து ராமநாதபுரம் வண்டியில் ஏறுகிறது. அந்த வண்டி காலை 5 மணிக்குக் கிளம்பும். கோவை வண்டி 4 மணி சுமாருக்கு வந்தவரை இறக்கிப் பிரித்து ஏற்ற நேரம் இருந்தது. லோடு கூடக் கூட அது வாரம் பத்து நிமிடம் பிந்தத் தொடங்குகிறது. பத்து நிமிடம் பிந்தினால் பார்சல் பத்து நிமிடம் பிந்துவதில்லை. ஐந்து மணி வண்டியைத் தவறவிட்டால் முழுதாக ஒரு நாள் போய்விடும். தினமும் எல்லாம் தவறுவதில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு இரண்டு நாள் என்று தவறுவதால்தான் கணக்கு ஒரேயடியாகத் தாவாமல் படிப்படியாக ஏறுகிறது. கனமழையில் சாலை அடைபட்டதோ, ஒரு டெலிவரி பையன் வேலையை விட்டதோ காரணமாக இருந்தால் பெரும்பாலும் ஒரே வாரத்தில் தாவும்.

தடத்தின் உள்ளேயும் பிரித்துப் பார்ப்பது உதவும். பரமக்குடி, ராமநாதபுரம், ராமேஸ்வரம் மூன்றுமே பிந்தினால் கோளாறு மதுரையிலோ அதற்கு முன்போ இருக்கும். ராமேஸ்வரம் மட்டும் பிந்தினால் கடைசி வண்டியிலோ அங்குள்ள கிளையிலோ தேட வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்ற பதிவு இரவு எட்டு மணிக்கு, ஒரே நிமிடத்தில் பல பார்சலுக்கு விழுந்திருந்தால், அந்த வீடுகளுக்கு யாரும் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கிளை மேனேஜரிடம் "ராம்நாடு லேட்டாகுது" என்று சொன்னால் நாளைக்குப் போய்விடும் என்ற பதில்தான் வரும். கடைசி இரண்டு வாரத்துத் தாமதம் 16-இன் பார்சல் எண்களையும், ஒவ்வொன்றும் மதுரைக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் தாளில் கொடுத்தால், அவரால் அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப முடியும். ஐந்து மணி வண்டியை ஐந்தரைக்கு மாற்றுவதா, கோவையிலிருந்து முன்னதாகக் கிளப்புவதா என்பது அவர்கள் முடிவு. மாற்றிய பிறகு ஒரு வாரம் குறைந்தவுடன் கொடியை இறக்கிவிட வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு வாரம் பழைய எட்டு சதவீதத்தை ஒட்டி வரட்டும். அதுவரை ராமநாதபுரம் ஆர்டர்களுக்குக் கடையே ஒரு நாள் கூட்டிச் சொல்லிவிடலாம்.