கோவா கேட்ட கைரேகைகள்

2013 ஜனவரியில் கோவாவின் வாஸ்கோ நகரில், ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஏழு வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். ஊரே கொதித்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போனது. சம்பவ இடத்தில் கைரேகைகள் கிடைத்தன, ஆனால் அவை யாருடையவை என்று தெரியவில்லை. அப்போது சிபிஐ ஒரு வழி கண்டது. கோவாவில் ஆதாருக்குப் பதிவு செய்த அத்தனை பேரின் கைரேகைகளும் அரசிடம் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நீதிமன்றத்தில் கேட்டது. மாஜிஸ்திரேட்டும் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டார்.

மறுத்தது யார் தெரியுமா? ஆதார் ஆணையமே. மக்களின் சம்மதம் இல்லாமல் அவர்களுடைய ரேகையைக் கொடுத்தால் அவர்களின் அந்தரங்கம் பறிபோகும் என்றது. இந்தத் தொகுப்பு குற்றவாளியைத் தேடுவதற்காக உருவாக்கப்பட்டதல்ல, அதைக் கொண்டு தேடினால் அப்பாவிகள் மாட்டிக்கொள்வார்கள் என்றும் வாதிட்டது. விவகாரம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வைத் தாண்டி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2014 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சம்பந்தப்பட்டவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த அமைப்புக்கும் இந்தத் தகவல்களைத் தரக் கூடாது என்றது.

வேடிக்கை அடுத்த ஆண்டுதான் நடந்தது. 2015-இல் ஆதாரையே எதிர்த்த வழக்கு அதே உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் எழுந்து, இந்திய அரசியல் சாசனத்தில் அந்தரங்கம் என்ற அடிப்படை உரிமையே கிடையாது என்று வாதாடினார். 1954-இல் எட்டு நீதிபதிகளும் 1962-இல் ஆறு நீதிபதிகளும் அளித்த இரண்டு பழைய தீர்ப்புகளை ஆதாரமாகக் காட்டினார். சிபிஐ கேட்டபோது இருந்த உரிமை, குடிமகன் கேட்டபோது காணாமல் போய்விட்டது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கு அது. எட்டு பேர் கொடுத்த தீர்ப்பை மாற்ற ஒன்பது பேர் வேண்டும் என்பதால் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகச் சொன்ன பதில்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான், 21-ஆவது பிரிவு காக்கும் உயிரோடும் சுதந்திரத்தோடும் சேர்ந்தே அது இருக்கிறது. எந்த உரிமையையும் போல இதற்கும் எல்லை உண்டு. அரசு அதில் கைவைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். எடுக்கும் நடவடிக்கை அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இந்த மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். மூன்றாவதில்தான் எல்லாச் சண்டையும்.

சண்டை ஏன் என்பது புரிய, ரேகை ஒப்பிடும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ரேஷன் கடையில் விரலை வைக்கும்போது இயந்திரம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஆதார் எண்ணுக்கு உரியவரின் விரல்தானா இது? ஒரு விரலை ஒரே ஒரு பதிவோடு ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். சிபிஐ கேட்டது அதுவல்ல. இந்த ரேகை, பதிந்திருக்கும் அத்தனை பேரில் யாருடையது என்று கேட்டது. அதுவும், கருவியில் ஒழுங்காக அழுத்தி எடுத்த ரேகையை வைத்து அல்ல; சம்பவ இடத்தில் பாதியும் மங்கலுமாகக் கிடைத்த ரேகையை வைத்து.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ஒப்பீட்டில் ஒன்று தவறாகப் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். கேட்க மிகவும் துல்லியமாகத் தோன்றும். 2011 கணக்கெடுப்பின்படி கோவாவின் மக்கள்தொகை 14 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரோடும் ஒப்பிட்டால், குற்றத்தோடு சம்பந்தமே இல்லாத 14 பேர் வீட்டுக் கதவை போலீஸ் தட்டும். இதையே 100 கோடிப் பேர் அடங்கிய தொகுப்பில் தேடினால் 10,000 பேர். ரேஷன் கடையில் தவறு நடந்தால் அரிசி கிடைக்காது. இங்கே தவறு நடந்தால், அந்த நேரத்தில் தான் வேறெங்கோ இருந்ததாக அந்த 10,000 பேரும் நிரூபிக்க வேண்டிவரும். குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும் என்ற விதி தலைகீழாகிவிடும்.

2018 செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகள் ஆதார் சட்டத்தையே எடைபோட்டார்கள். 38 நாள் விசாரணை நடந்திருந்தது. நான்கு பேர் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றார்கள். மானியங்களுக்கும் வருமான வரிக்கும் ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமாக்கக் கூடாது. தேசப் பாதுகாப்பு என்று சொல்லி ஓர் இணைச் செயலாளர் தகவல்களைத் திறக்கலாம் என்ற பிரிவு செல்லாது என்றார்கள். நீதிபதி சந்திரசூட் மட்டும் முழுச் சட்டமும் செல்லாது என்றார். மாநிலங்களவையைச் சுற்றிக்கொண்டு போக இதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்தது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று எழுதினார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இணைச் செயலாளர் இருந்த இடத்துக்குச் செயலாளர் வந்தார். ரத்தான கதவு, கொஞ்சம் உயரமான கைப்பிடியோடு மறுபடியும் மாட்டப்பட்டது.

இந்தத் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் ஓரளவு படித்த மாணவர் இதுவரை எழுதிவிடுவார். வாய்மொழித் தேர்வில் அடுத்து வரும் கேள்விகளில்தான் ஆள் தடுமாறுவார்.

முதல் கேள்வி கோவாவிலிருந்தே வரும். ஒரு குழந்தைக்கு நீதி கிடைக்க நம் ரேகையை ஒப்பிட்டுப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்? இதை உணர்ச்சிவசப்பட்ட கேள்வி என்று தள்ளிவிடக் கூடாது. அந்தக் குழந்தையின் பெற்றோர் கேட்டால் யாராலும் சட்டென்று பதில் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குரியவரின் ரேகையை எடுக்கப் போலீசுக்கு எப்போதும் அதிகாரம் உண்டு. 1920 முதலே அதற்குச் சட்டம் இருந்தது. அந்த வழியில் முதலில் சந்தேகம் வரும், பிறகு ரேகை எடுக்கப்படும். சிபிஐ கேட்ட வழியில் முதலில் எல்லோரும் சந்தேகத்துக்கு உரியவர்கள், இயந்திரம் ஒவ்வொருவராக விடுவிக்கும். அரிசிக்காக விரல் வைத்தவர் இதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்றாவது சோதனையில் இது தோற்பது இங்கேதான்.

அடுத்த கேள்வி: சரி, இன்று சட்டம் இதைத் தடுக்கிறதா? தடுக்கிறது, முக்கால்வாசி. ஆதார் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, கைரேகையையும் கருவிழிப் பதிவையும் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் தரக் கூடாது என்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதியே உத்தரவிட்டாலும் பெயர், முகவரி போன்றவைதான் கிடைக்கும், ரேகை கிடைக்காது. 2022-இல் ஒரு கொலை வழக்கில் டெல்லி போலீஸ் ரேகை ஒப்பீடு கேட்டபோதும் ஆணையம் மறுத்தே நின்றது. மீதிக் கால்வாசியில் இரண்டு ஓட்டைகள். தேசப் பாதுகாப்பு என்று வந்துவிட்டால் ரேகைக்கான இந்தக் காவலும் விலகிவிடும். இன்னொன்று புகைப்படம். சட்டம் தனிப் பாதுகாப்பு தரும் பட்டியலில் கைரேகையும் கருவிழியும்தான் பெயர் சொல்லி இடம்பெறுகின்றன, முகம் இல்லை. தெருவுக்குத் தெரு கேமராவும் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளும் வந்துவிட்ட காலத்தில், ரேகையைவிட முகம்தான் எளிதாகப் பிடிபடும். விரலை நீட்டினால்தான் ரேகை பதியும். முகத்தை யாரும் கேட்டு வாங்குவதில்லை.

செல்போன் கம்பெனிக்கு விரலும் முகமும் கொடுக்கிறோமே, அரசுக்குக் கொடுத்தால் மட்டும் ஏன் வழக்கு? இது மூன்றாவது கேள்வி. போனில் வைத்த ரேகை பொதுவாக அந்தப் போனுக்குள்ளேயே தங்குகிறது. பிடிக்காவிட்டால் நான்கு இலக்க எண்ணுக்கு மாறிக்கொள்ளலாம். ரேஷனை நம்பி வாழும் குடும்பத்துக்கு அப்படி மாற்று இல்லை. 2018 விசாரணையில் ஆதார் ஆணையத்தின் தலைமைச் செயல் அதிகாரி உச்ச நீதிமன்றத்தில் திரை விரித்து விளக்கியபோது, அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பு 88 சதவீதம் வெற்றி பெறுவதாகச் சொன்னார். மீதி 12 சதவீதம் பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று அர்த்தமல்ல, மறுமுறை முயன்று வாங்கியவர்கள் உண்டு. ஆனால் தேய்ந்த விரல் யாருடையது என்று யோசித்தால் போதும்: செங்கல் சுமப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், எழுபதைத் தாண்டிய பாட்டி. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிலும் கைரேகைக் கருவி வந்த பிறகு, விரலை ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்க்கும் முதியவர்களைக் காணலாம்.

நான்கு பேர் சொன்னது சரியா, ஒருவர் சொன்னது சரியா? தேர்வாளர் இதையும் கேட்பார். மானியம் உரியவருக்குப் போய்ச் சேர்வதும் கண்ணியம் சார்ந்த உரிமைதான் என்ற பெரும்பான்மையின் வாதத்தில் கனம் இருக்கிறது. ஆனால் குறைவான தலையீட்டில் அதே பலன் கிடைக்குமா என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு போதிய அளவு துருவவில்லை. அதைத் துருவிய சிறுபான்மைத் தீர்ப்பு கடல் தாண்டிப் போனது. ஜமைக்கா எல்லோருக்கும் கட்டாய உயிரியல் பதிவைச் சட்டமாக்கியபோது, 2019 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அந்தச் சட்டம் முழுவதையும் ரத்து செய்தார்கள். தலைமை நீதிபதி பிரையன் சைக்ஸ் தன் தீர்ப்பில் சந்திரசூட்டின் காரணங்களை விரிவாக எடுத்துக்கொண்டார். இந்தியாவில் தோற்ற வாதம் கிங்ஸ்டனில் ஜெயித்தது.

கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதப்படவில்லை. 1920 சட்டத்தை நீக்கிவிட்டு, 2022-இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்ல, கைதானவர்களிடமும் கைரேகை, கருவிழி, விழித்திரைப் பதிவுகளை எடுக்கலாம். மறுப்பது குற்றம். பதிவுகள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். விடுதலையானால் அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் ஏற்கெனவே தண்டனை பெற்றவருக்கு அது பொருந்தாது, வேண்டாம் என்று நீதிமன்றம் உத்தரவிட்டாலும் அழிக்க வேண்டியதில்லை. கோவாவில் ஆதாரிடம் கேட்டுக் கிடைக்காததை, தனக்கென்றே ஒரு தொகுப்பாக அரசு கட்டிக்கொள்கிறது. சட்டம் இருக்கிறது, நோக்கமும் இருக்கிறது. சாலை மறியலில் கைதாகி மாலையில் விடப்படும் இருபது வயது இளைஞனின் கருவிழி, அவனுக்குத் தொண்ணூற்றைந்து வயது ஆகும்வரை அரசிடம் இருக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. அளவைத் தாண்டக் கூடாது என்ற மூன்றாவது சோதனையில் இது தேறாது.