13-ம் தேதியா, வெள்ளிக்கிழமையா?

லினக்ஸ் கணினிகளில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல் கிரான். அதற்கு நேரத்தை ஒரே வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

```
30 2 13 * 5 /opt/backup.sh
```

இடமிருந்து ஐந்து கட்டங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி இருந்தால் எதுவானாலும் சரி என்று பொருள். ஞாயிறு 0 என்பதால் 5 வெள்ளி.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும், ‘13-ம் தேதி வெள்ளிக்கிழமையாக வரும்போது அதிகாலை 2.30’ என்றே நினைப்பார்கள். இன்று 2026 ஜனவரி 10, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி அடுத்த ஓட்டம் பிப்ரவரி 13-ல்தான்.

ஆனால் வேலை ஜனவரி 13, செவ்வாய்க்கிழமையே ஓடிவிடும். 16-ம் தேதி வெள்ளியன்று மறுபடியும் ஓடும்! நிமிடம், மணி, மாதம் மூன்றும் கட்டாயம் பொருந்த வேண்டும். தேதி, கிழமை இரண்டிலும் எண் இருந்தாலோ, ஏதேனும் ஒன்று பொருந்தினாலே போதும். இரண்டில் ஒன்று நட்சத்திரமாக இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. மற்றதை மட்டும் பார்த்தால் போதும்.

இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டுமானால், தேதியை மட்டும் கிரானிடம் விட்டு, கிழமையைக் கட்டளையிலேயே சோதிக்கலாம்:

```
30 2 13 * * [ "$(date +\%u)" = 5 ] && /opt/backup.sh
```

சதவீதக் குறிக்கு முன்னுள்ள சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கிரான் கட்டளையை அங்கேயே வெட்டிவிடும்.

கடைசியாக, சர்வரின் கடிகாரத்தையும் பாருங்கள். அது யூடிசி நேரத்தில் ஓடினால், இந்த 2.30 இந்தியாவில் காலை 8 மணி.