2065-ல் பிறந்த வாடிக்கையாளர்

மூன்று கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையின் பில்லிங் கம்ப்யூட்டரிலும் பகலில் சேரும் வாடிக்கையாளர் விவரங்கள், இரவில் தலைமைக் கடையின் டேட்டாபேஸில் போய்ச் சேர்கின்றன. இதற்குப் பெயர் சிங்க். கிளைக்குக் கிளை விவரம் எழுதும் முறை வேறு. அதனால் நடுவில் ஒரு புரோகிராம் உட்கார்ந்து தேதியை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும். தவறுகள் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியில்தான் நடக்கின்றன. புரோகிராம் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பாக எழுதினால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரு வாடிக்கையாளரின் பிறந்த தேதி 12/05/65 என்று வருகிறது. பைத்தான் மொழியில் இரண்டு இலக்க ஆண்டைப் படிக்க `%y` என்ற குறியீடு இருக்கிறது. அது 69 முதல் 99 வரையுள்ள எண்களை 1900-களிலும், 00 முதல் 68 வரையுள்ளவற்றை 2000-களிலும் வைக்கும். ஆக, 1970-ல் பிறந்தவர் பத்திரமாக இருப்பார். 1965-ல் பிறந்தவரோ 2065-க்குப் போய்விடுவார். 2065 முறையான ஆண்டுதான் என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மூத்த குடிமக்களுக்கான தள்ளுபடி அவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

இதைப் பிடிக்க லட்சம் வரியுள்ள உண்மையான பட்டியல் தேவையில்லை. சோதனைக்கென்று கையால் எழுதிய ஐந்தாறு வரி போதும். இந்த மாதிரித் தரவை ஃபிக்ஸ்சர் என்பார்கள். அந்த வரிகளைப் புரோகிராமின் அந்தப் பகுதிக்கு மட்டும் கொடுத்து, எதிர்பார்த்த விடை வருகிறதா என்று பார்ப்பது யூனிட் டெஸ்ட். இதில் நெட்வொர்க்கோ டேட்டாபேஸோ கிடையாது. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். ஒரு வரிக்கு ஒரு கோளாறு என்று வைத்துக்கொண்டால், டெஸ்ட் தோற்றதும் எந்தக் கோளாறு என்பது தெரிந்துவிடும்.

இரட்டைப் பதிவில் சிக்கல் இன்னும் நுணுக்கமானது. ஒரே வாடிக்கையாளர் இரண்டு கிளைகளில் போன் எண் கொடுத்திருக்கிறார். கடைசியாகக் கொடுத்தது நிற்க வேண்டும். ஒரு கிளை இந்திய நேரத்தை எழுதுகிறது, மற்றது உலகப் பொது நேரத்தை எழுதுகிறது.

```python
def test_latest_wins():
    a = {"id": 7, "phone": "A",
         "updated_at": "2024-03-31T20:00:00+00:00"}
    b = {"id": 7, "phone": "B",
         "updated_at": "2024-04-01T01:00:00+05:30"}
    assert merge([a, b])["phone"] == "A"
    assert merge([b, a])["phone"] == "A"
```

மேலோட்டமாகப் பார்த்தால் ஏப்ரல் 1 என்றிருக்கும் B-தான் புதிது. ஆனால் A-யின் நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டினால் இந்தியாவில் ஏப்ரல் 1 அதிகாலை 1.30 ஆகிறது. அதாவது B-க்கு அரைமணி பிந்தியது. தேதியை வெறும் எழுத்தாக ஒப்பிடும் புரோகிராம் இங்கே மாட்டிக்கொள்ளும். கடைசி இரண்டு வரிகளில் வரிசையை மாற்றிக் கொடுத்திருப்பதற்கும் காரணம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு முதலில் வந்ததையோ கடைசியில் வந்ததையோ எடுக்கும் புரோகிராம், இரண்டில் ஒன்றில் தோற்றே தீரும்.

வெற்றிடம் இருக்கிறதே, அதுதான் மூன்றிலும் தந்திரமானது என்பேன். போன் எண் காலி என்றால் என்ன பொருள்? அந்தக் கிளை எண்ணைக் கேட்கவே இல்லையா, அல்லது வாடிக்கையாளர் "என் நம்பரை எடுத்துடுங்க" என்றாரா? முதலாவது என்றால் பழைய எண்ணைத் தொடக் கூடாது. இரண்டாவது என்றால் அழிக்க வேண்டும். அந்தக் கட்டமே இல்லாத வரி, கட்டம் இருந்தும் காலியாக உள்ள வரி, கட்டத்துக்குள் `NULL` என்று எழுத்தாகவே வந்துவிட்ட வரி என மூன்றையும் ஃபிக்ஸ்சரில் வைக்க வேண்டும். எதற்கு எந்த விடை என்பதைப் புரோகிராமர் தானாக முடிவு செய்யக் கூடாது, கடைக்காரரிடம் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிய பதிலை டெஸ்ட்டில் எழுதிவிட்டால், பிறகு வருபவர் அதைத் தெரியாமல் மாற்ற முடியாது.

டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டினால் மட்டும் நம்பிவிட வேண்டாம். நேரத்தை ஒப்பிடும் வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சையாகவே இருந்தால் அந்த டெஸ்ட் எதையும் காக்கவில்லை. அதேபோல, நமக்குத் தோன்றிய கோளாறுகளைத்தான் ஃபிக்ஸ்சர் பிடிக்கும். தோன்றாத ஒன்று என்றாவது கடையில் வெளிப்படும். அன்று அந்த வரியையும் ஃபிக்ஸ்சரில் சேர்த்துவிடுங்கள். ஆனால் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். வாடிக்கையாளரின் பெயரையும் போன் எண்ணையும் மாற்றிவிட்டு, கோளாறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.