உடையும் ஓடு, நசுங்கும் தகரம்

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி மாலை, சிட்னி நகருக்குத் தெற்கே கடலோரமாக ஓர் இடிமேகம் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அது கடல்பக்கம் ஒதுங்கிவிடும் என்றே வானிலை அலுவலகம் எதிர்பார்த்தது. ஒதுங்கவில்லை. இரவு ஏழரை மணி வாக்கில் கென்சிங்டன், ராண்ட்விக், பேடிங்டன் என்று நகரின் கிழக்குப் பகுதிகள் மீது ஆலங்கட்டிகளைக் கொட்டியது. அளந்து பார்த்தவற்றில் பெரியது 9 சென்டிமீட்டர் விட்டம். கிரிக்கெட் பந்து சுமார் 7 சென்டிமீட்டர்தான். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு மட்டும் சுமார் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர்.

கூரை உடைந்ததோடு அது முடியவில்லை. உடைந்த இடத்தில் தார்ப்பாயைப் போட்டுக் கட்டினார்கள். காற்று வந்து தார்ப்பாயைத் தூக்கியது, அடுத்த மழை நேராகப் படுக்கையறைக்குள் இறங்கியது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடும் ஆளும் தேடியதால் பல வீடுகள் மாதக்கணக்கில் தார்ப்பாயோடு நின்றன.

ஆலங்கட்டியின் பலத்தை அதன் அளவை வைத்துக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். இரண்டரை சென்டிமீட்டர் கல்லின் எடை 7 கிராம் சொச்சம். விட்டம் இரண்டு மடங்காகி 5 சென்டிமீட்டர் ஆனால் எடை எட்டு மடங்கு, ஏறக்குறைய 60 கிராம். பெரிய கல் வேகமாகவும் விழும். சின்னது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் பெரியது 110-இல் வரும். எடையையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அடியின் ஆற்றல் பதினாறு மடங்கு. சிட்னியில் விழுந்த 9 சென்டிமீட்டர் கல் அந்த 5 சென்டிமீட்டர் கல்லைவிட இன்னும் பத்து மடங்கு வலுவாக அடித்திருக்கும். அதனால்தான் பத்துத் தடவை ஆலங்கட்டியைத் தாங்கிய கூரை பதினோராவது தடவை மொத்தமாக நொறுங்கிவிடுகிறது. அது பழசானதால் மட்டுமல்ல, அன்று விழுந்த கல் வேறு ரகம்.

சிட்னியின் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுட்ட களிமண் ஓடும், சிலவற்றில் ஸ்லேட் கல்லும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் மார்சேய் நகரிலிருந்து கப்பலில் வந்த, ஒன்றோடொன்று கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும் ஓட்டின் வழிவந்தவை அவற்றில் பல. நம்மூர் மங்களூர் ஓடும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே அங்கே நடந்தது நம் ஓட்டு வீடுகளுக்கும் பொருந்தும்.

களிமண் ஓடு அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது. இரண்டு ரீப்பர் கட்டைகளுக்கு நடுவே தாங்கல் இல்லாத இடத்தில் கல் விழுந்தால் ஓடு கீழ்நோக்கி வளையப் பார்க்கும். அடிப்பக்கம் இழுபட்டு அங்கிருந்து விரிசல் புறப்படும். அதனால் மேலே ஒன்றும் தெரியாமல் கீழே கீறியிருப்பதும் உண்டு. விளிம்பில் விழுந்தால், ஓட்டின்மேல் ஓடு ஏறியிருக்கும் மூலை சில்லாகத் தெறிக்கும். பார்ப்பதற்கு அற்பச் சேதம்தான், ஆனால் தண்ணீரைத் தடுப்பதே அந்த மூலைதான். நன்றாகச் சுட்ட, ஊனமில்லாத ஓடு 3 சென்டிமீட்டர் கல்லுக்குப் பெரும்பாலும் அசையாது. 5 சென்டிமீட்டரை நெருங்கும்போது உடைய ஆரம்பிக்கும். கடற்கரையோரம் பல ஆண்டுகள் உப்புக்காற்றைக் குடித்த ஓடு உள்ளுக்குள் பொரிந்திருக்கும், அதற்கு முன்பே போய்விடும்.

ஓட்டின் நல்ல குணம், அது ஒளித்துவைக்காது. பகலில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால் உடைந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். மழை விட்டு ஓடு காயும்போது விரிசல் மட்டும் ஈரக்கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். விரலால் தட்டினால் நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், கீறியது மொத்தென்று சொல்லும். உடைந்ததை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பது இன்னொரு வசதி. ஆனால் பார்க்கிறேன் என்று அவசரப்பட்டு மேலே ஏறி நடந்தால், ஆலங்கட்டி விட்டுவைத்ததைக் கால் உடைத்துவிடும்.

தகரத்தின் சங்கதி நேர் எதிர். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கூரைக்குப் பரவலாகப் போடும் எஃகுத் தகட்டின் கனம், பூச்சு நீங்கலாக, 0.42 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லியது எப்படித் தாங்குகிறது? வளைந்து கொடுப்பதால். அடியின் ஆற்றலைப் பள்ளமாக மாற்றிக்கொள்கிறது, உடைவதில்லை. குழிகுழியாகிவிட்ட கூரை பல ஆண்டுகள் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் நிற்கும். துருப்பிடித்து மெலிந்த பழைய தகரம்தான் ஓட்டையாகும். மற்றபடி சேதம் தேடவேண்டிய இடங்கள் மூன்று: தகடும் தகடும் ஏறிச் சேரும் மடிப்பு வாய் பிளந்திருக்கிறதா, ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு அமுங்கி ரப்பர் வாஷர் விலகியிருக்கிறதா, கூர்மையான குழிக்குள் பெயின்ட் வெடித்திருக்கிறதா. அந்த வெடிப்பில்தான் துரு முதலில் குடியேறும்.

கூரை ஷீட்டுகளின் விளம்பரத்தில் 'ஆலங்கட்டித் தாக்குதலுக்கு நான்காம் வகுப்பு' என்று போட்டிருப்பதன் பொருள் இங்கேதான் புரியும். அமெரிக்காவில் புழங்கும் யுஎல் 2218 என்ற சோதனையில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள, அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான எஃகுக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு தடவை போடுவார்கள். அந்த அடியின் ஆற்றல் 5 சென்டிமீட்டர் ஆலங்கட்டியின் அடிக்கு ஏறக்குறைய சமம். பிறகு அடிப்பக்கத்தைப் பார்ப்பார்கள். கீறல் இல்லையென்றால் நான்காம் வகுப்பு, அதுதான் உச்சம். மேலே எவ்வளவு குழி விழுந்தது என்பது கணக்கிலேயே வராது. தகரம் எளிதாகத் தேறிவிடுவதன் ரகசியம் இதுதான். வீட்டுக்காரர் "கூரை முழுக்கக் குழி" என்று இன்சூரன்ஸ் கேட்டால், அழகு கெட்டதற்குப் பணம் இல்லை என்று பாலிசியிலேயே எழுதிவைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. கையெழுத்துக்கு முன் படிக்கவேண்டிய வரி அது.

இந்தச் சோதனை ஓட்டுக்கு அநியாயம் என்று தோன்றலாம், ஓரளவு உண்மைதான். பனிக்கட்டி மோதும்போது தானும் சிதறும், அதில் கொஞ்சம் ஆற்றல் செலவாகும். எஃகுக் குண்டு சிதறாது. அதனால் ஓடு, ஸ்லேட் போன்ற கெட்டியான பொருள்களுக்கு எஃப்எம் 4473 என்று தனிச் சோதனை வைத்து, உறையவைத்த பனி உருண்டைகளையே சுடுகிறார்கள். சுவிட்சர்லாந்திலும் கூரைப் பொருள்களுக்குப் பனி உருண்டைதான்.

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றின் தலைமேல் இருப்பது ஷிங்கிள். கண்ணாடி இழைப் பாய்க்குத் தார் பூசி, மேலே கல்பொடி தூவிய பட்டை. நம்மூரில் ரிசார்ட்டுகளிலும் சில பங்களாக்களிலும் பார்க்கலாம். நான்கிலும் இதைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். அடிபட்ட ஷிங்கிள், தோல் கிழியாமல் உள்ளே கன்றிப்போன மாம்பழம் மாதிரி. கல் விழுந்த இடத்தில் கல்பொடி உதிர்ந்து கருப்பு வட்டம் தெரியும், சில சமயம் அதுகூடத் தெரியாது. உள்ளே இழைப்பாய் அறுந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் அந்த இடம் மட்டும் மெத்தென்று உள்வாங்கும். கூரை அன்று ஒழுகாது, அடுத்த மழைக்கும் ஒழுகாமல் இருக்கலாம். கல்பொடி போன இடத்தில் வெயில் தாரைச் சுட்டுச் சுட்டுக் காயவைத்து, சில வருடம் கழித்து அறுந்த பாய் வழியே தண்ணீர் இறங்கும். அப்போது எந்தப் புயலைக் காட்டி இழப்பீடு கேட்பது?

மழைநீர் வடியும் குழாய் வாயில் கரும்பொடி குவிந்திருந்தால் அது முதல் எச்சரிக்கை. புயலுக்குப் பின் வீடு வீடாகக் கதவைத் தட்டும் சில ஒப்பந்தக்காரர்கள் சுத்தியலால் தாங்களே வட்டம் போட்டுக் காட்டிய கதைகளும் அங்கே ஏராளம். உண்மையான ஆலங்கட்டித் தடங்கள் அளவில் ஒன்றுபோல் இருக்காது, வரிசையாகவும் விழாது, காற்று வந்த பக்கத்துச் சரிவில் அதிகமாக இருக்கும். தாரில் எஸ்பிஎஸ் என்ற ரப்பர் வகையைக் கலந்த ஷிங்கிள் நன்றாகத் தாங்குகிறது, அதற்கு விலை அதிகம். தெற்குக் கரோலினாவில் இன்சூரன்ஸ் நிறுவனங்களே நடத்தும் ஐபிஹெச்எஸ் ஆய்வுக்கூடம், எஃகுக் குண்டை விட்டுவிட்டுச் செயற்கை ஆலங்கட்டிகளால் ஷிங்கிளை அடித்து, பொடி உதிர்வதையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறது. பழைய சோதனையைவிட நம்பத்தக்கது அதுதான்.

பாலிகார்பனேட்டைப் புதிதாக வாங்கிய அன்று சுத்தியலால் அடித்தாலும் உடையாது. கடைக்காரர் அடித்தே காட்டுவார். அவர் அடித்துக் காட்டுவது பெரும்பாலும் உள்கூடு இல்லாத திடமான தாள். போர்ட்டிகோவுக்கு மலிவாகப் போடுவதோ உள்ளே கூடுகூடாக இருக்கும் இரட்டைச் சுவர்த் தாள். '6 மில்லிமீட்டர்' என்று விற்கும் அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 கிலோ. அந்தப் பிளாஸ்டிக்கை மொத்தமாக உருக்கித் தட்டையாக ஊற்றினால் 1 மில்லிமீட்டர் கனம்தான் வரும். மேல்தோல் அதிலும் பாதிக்குக் குறைவு. பெரிய கல் அந்தத் தோலைப் பொத்துவிட்டு உள்கூட்டில் நின்றுவிடும். அன்று ஒழுகாது, பிறகு கூட்டுக்குள் தண்ணீரும் பாசியும் சேரும்.

இரண்டாவது எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு பாலிகார்பனேட் மஞ்சளாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இதைத் தடுக்கத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கும். எந்தப் பக்கம் என்பது மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் அச்சிட்டிருக்கும். வேலைக்கு வந்தவர் உறையை முதலிலேயே உரித்துப் போட்டுவிட்டுத் தாளைத் திருப்பி மாட்டினால், சில கோடைக்குள்ளேயே அது மஞ்சளித்து, சாதாரண எலுமிச்சை அளவுக் கல்லுக்கும் விரிசல் விடும். ஆகவே அச்சிட்ட பக்கம் வானத்தைப் பார்த்திருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். தாளைப் பொருத்தி முடித்த பிறகே உறையை உரிக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே உரிக்கச் சொல்லுங்கள்.