படக்கென்ற ஒரு சத்தம்

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு அஞ்சு மாசமா இடுப்பு வலி. வெயிட் தூக்குற வேலை. மாத்திரை போட்டா கேக்குது, விட்டா திரும்ப வருது. நல்ல மாத்திரையா பாத்துக் கொடுக்கவும்."

கட்டம் போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். எழுதியவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர், 31 வயது, சிங்கப்பூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக நடக்கும் ஒரு கிளினிக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, ஆகஸ்ட் மாதம் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. ஆளின் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் பக்கம் முழுக்க வலி. காலையில் லாரியின் பின்பக்கம் குந்தியிருக்கும்போது வலி, இரவில் மேல் கட்டிலுக்கு ஏறும்போது வலி. இரண்டாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நுணுக்கி எழுதிய இரண்டு வரி: "மார்ச்ல ஒருநாள் பசை மூட்டையைத் தூக்கித் திரும்பும்போது படக்குன்னு சத்தம். அன்னைக்கு உக்காந்துட்டேன், மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்." நான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் கைகாட்டி நிறுத்தியது அங்கேதான்.

டைல்ஸ் பசை 25 கிலோ மூட்டையாக வரும். ஊரில் 50 கிலோ சிமென்ட் மூட்டை சுமந்தவருக்கு இது ஒரு கனமா என்று தோன்றும். ஆனால் முதுகுக்கு எடை மட்டும் கணக்கில்லை, தூரமும் கணக்கு. ஏற்றமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்புதான் தாங்கும் கால். அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தள்ளி முதுகுத் தசை இழுக்கிறது. மூட்டை முன்பக்கம் 50 செ.மீ. தள்ளி இருந்தால் தூரம் பத்து மடங்கு, ஆகவே தசை இழுக்க வேண்டிய பலமும் பத்து மடங்கு. 25 கிலோவுக்கு 250 கிலோ. குனிந்திருக்கும் உடம்பின் மேற்பாதி எடை இதில் சேரவில்லை. இந்த இழுவை முழுவதும் இடுப்பின் கீழ் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் ஜவ்வின் மீது அழுத்தமாக இறங்குகிறது. அதே மூட்டையை நெஞ்சோடு அணைத்து 25 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் கணக்கு பாதியாகிவிடும்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய சூத்திரமும் இதையேதான் சொல்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கலாம் என்று அது சொல்லும் எடை 23 கிலோ. சுமை 50 செ.மீ. தள்ளிப் போனால் அது 11.5 கிலோவாக இறங்கும். உடம்பைத் திருப்பித் தூக்கினாலும், தரையிலிருந்து தூக்கினாலும், அடிக்கடி தூக்கினாலும் இன்னும் இறங்கும். நம்மவர் ஒரு நாளைக்கு 60 மூட்டை தூக்கியதாக எழுதியிருந்தார்.

'முதுகை வளைக்காதே, முழங்காலை மடக்கு' என்ற படம் ஒவ்வொரு சைட்டிலும் ஒட்டியிருக்கும். அடுக்குமாடி வீட்டின் குளியலறைக்குள் டைல்ஸ் பெட்டி, பசை வாளி, கட்டர் எல்லாம் போக மீதியிருக்கும் இடத்தில் ஒரு ஆள் எப்படிக் கால் விரித்து உட்கார்ந்து எழுவார் என்பது அந்தப் படத்தில் இல்லை.

டாக்டர் அவரை உடனே வரச் சொன்னார். அதற்கு முன் போனில் சில கேள்விகள் கேட்கச் சொன்னார். வலி முழங்காலைத் தாண்டி இறங்குகிறதா? சிறுநீர் தடையில்லாமல் போகிறதா? உட்காரும் இடத்தில், தொடையிடுக்கில் மரத்துப் போயிருக்கிறதா? இராத்திரியில் காய்ச்சல், வேர்வை, உடம்பு இளைப்பு உண்டா? இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ பதில் கோளாறாக இருந்தால் கிளினிக்குக்கே வர வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. தண்டுவடத்தின் கீழ் நரம்புக்கற்றை மொத்தமாக நசுங்குவதன் அடையாளம் அது, சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தேவைப்படலாம். கடைசிக் கேள்வி முதுகெலும்புக் காசநோய்க்காக. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்களுக்குச் சிறுநீரகக் கல்லும் இடுப்பு வலி என்ற பெயரில்தான் வரும். ஆனால் அது விலாவிலிருந்து அலையலையாக அடிவயிற்றுக்கு இறங்கும், ஆள் அசையாமல் படுத்தாலும் விடாது.

இவருக்கு அதெல்லாம் இல்லை. வலது காலின் வெளிப்பக்கமாக மின்சாரம் பாய்வது போல் இறங்கி, பெருவிரல் பக்கம் மரத்தது. மல்லாந்து படுக்கவைத்து டாக்டர் காலை நீட்டியபடியே தூக்கினார், பாதி உயரத்தில் கத்திவிட்டார். பெருவிரலை மேலே இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது பலம் இருந்தது, குதிகாலால் நடக்கவும் முடிந்தது. ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுகிறது, நரம்பின் வேலை இன்னும் கெடவில்லை என்பது டாக்டரின் முடிவு.

"ஸ்கேன் எடுங்கம்மா" என்றார் அவர். இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். வலியே இல்லாத 30 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தால் பத்தில் நான்கு பேருக்கு ஜவ்வு புடைத்துத்தான் தெரியும். பலம் குறைந்தாலோ, ஆபரேஷன் யோசிக்க வேண்டிவந்தாலோதான் அது உதவும். படுத்தே கிடக்கவும் கூடாது, நடக்க வேண்டும். ஊரிலிருந்து நண்பர்கள் கொண்டுவந்த மாத்திரைகளையும் மேசையில் கொட்டினார். இரண்டு அட்டை, இரண்டு பெயர், உள்ளே இருந்தது ஒரே டைக்ளோஃபினாக். நாள் முழுக்க வேர்த்து வடியும் உடம்புக்கு இரட்டை அளவு போனால் சிறுநீரகம்தான் விலை கொடுக்கும்.

பிறகுதான் அந்த மார்ச் மாதப் பேச்சு வந்தது. இதற்கு முன் வேறொரு இடத்தில் மூன்று முறை காட்டியிருக்கிறார். அங்கே எழுதியிருந்தது 'இடுப்பு வலி' மட்டும். மூட்டை தூக்கியதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும்ணே. பர்மிட்ட கேன்சல் பண்ணி அனுப்பிட்டா? ஏஜென்ட்டுக்குக் கட்டுன கடன் இன்னும் பாதி நிக்கிது."

சிங்கப்பூரின் வேலைக்காயம் இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையில் அடிபட்டது என்று காட்டினால் போதும். மருத்துவச் செலவும் எம்.சி. நாள் சம்பளமும் அதில் வரும். ஆனால் விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். 'கொஞ்சம் கொஞ்சமாக வந்த வலி' என்று பதிவானால், வயசு, பழைய தேய்மானம் என்று எதிர்த்தரப்பு வாதாட வழி கிடைக்கும். ஒரு நாள், ஒரு இடம், ஒரு மூட்டை என்று பதிவானால் அது விபத்து. மருத்துவத்தில் அந்தச் சத்தத்துக்குப் பெரிய மதிப்பில்லை, சட்டத்தில் அந்த நாளுக்கு உண்டு. ஏழு மாதம் மிச்சமிருந்தது.

டாக்டர் வெறுமனே 'லைட் டூட்டி' என்று எழுதவில்லை. அப்படி எழுதினால் துடைப்பத்தைக் கொடுப்பார்கள், கூட்டுவதும் குனிவதுதானே. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, குனிந்து திரும்பும் வேலை கூடாது, நான்கு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று விரித்து எழுதினார். பேனாவை எடுத்து மேலே முதல் வரிக்கு வந்ததும் கேட்டார், "மார்ச்ல என்னைக்கு?"

அவருக்கு ஞாபகமில்லை. சனிக்கிழமை என்றார், பிறகு இல்லை என்றார். கொஞ்ச நேரம் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். டார்மிட்டரி அறையில் அவர் குப்புறப் படுத்திருக்க, பக்கத்துக் கட்டில்காரர் முதுகில் கோடாலித் தைலம் தேய்க்கிறார். யாரோ கேலிக்கு எடுத்த படம். மேலே தேதி இருந்தது: மார்ச் 14, இரவு 9.40.