முதிராத வைப்பும் முறையான விண்ணப்பமும்

நல்லூர்க் கோயில் வீதியிலே வசிக்கும் ஓய்வூதிய ஆசிரியை ஒருவர், பத்து இலட்சம் ரூபாவைப் பன்னிரண்டு மாதத் தவணைக்கு நூற்றுக்கு எட்டு வீத வட்டியில் நிலையான வைப்பாக இட்டு, மாதந்தோறும் 6,667 ரூபாவைத் தமது சேமிப்புக் கணக்கிலே பெற்று வருகிறார் என்று எண்ணிக்கொள்வோம். ஏழாம் மாதம் முடிந்த தறுவாயில் அவருடைய கணவருக்கு இருதய சத்திரசிகிச்சை அவசியமென்றும், அதற்கு நான்கு இலட்சம் ரூபா உடனே வேண்டுமென்றும் தெரிய வருகிறது. அம்மையார் வைப்புச் சான்றிதழையும் கையிலெடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகிறார். அங்கே, தவணைக்கு முன் காசை எடுத்தால் 'தண்டம்' வெட்டுவார்கள் என்று கேட்டதும், குடும்பத்தின் நெருக்கடியைச் சொல்லி அந்தத் தண்டத்தை விட்டுவிடும்படி மன்றாடுகிறார். இவர் கற்பனைப் பாத்திரம். எண்களும் கணக்கு விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவையே. ஆயினும் இந்தக் காட்சி யாழ்ப்பாணத்து வங்கிகளில் அபூர்வமானதன்று.

முதலிலே, தண்டம் என்று நாம் வழங்கும் பொருள் இன்னதென்று தெளிய வேண்டும். பெரும்பாலும் அது அபராதமாகத் தனியே விதிக்கப்படும் ஒரு தொகையன்று. வட்டியைப் பின்னோக்கி மறுபடி கணக்கிடுவதால் உண்டாகும் குறைவே அது. பன்னிரண்டு மாதம் வைத்திருப்பேன் என்ற வாக்கை நம்பியே வங்கி எட்டு வீதம் தர உடன்பட்டது. ஏழு மாதத்தில் எடுத்தால், உண்மையிலே கழிந்த காலத்துக்கு உரிய வீதத்தையே தருவேன், அதிலும் ஒரு பங்கு குறைப்பேன் என்கிறது. சில வங்கிகள் சேமிப்புக் கணக்கின் வீதத்துக்கே இறக்கிவிடும். அம்மையாரின் வங்கி, ஆறு மாத வைப்புக்குரிய ஏழு வீதத்திலிருந்து ஒரு வீதத்தைக் கழித்து ஆறு வீதம் தருவதாக வைத்துக்கொண்டால், ஏழு மாதத்துக்கு அவருக்கு உரிய வட்டி 35,000 ரூபா. அவரோ ஏற்கனவே 46,667 ரூபாவைப் பெற்றுச் செலவும் செய்துவிட்டார். ஆகவே மிகுதியான 11,667 ரூபாவை வங்கி முதலிலிருந்தே கழித்துக்கொண்டு 988,333 ரூபாவைக் கையிலே கொடுக்கும். முதலிலே கைவைத்துவிட்டார்கள் என்று பலர் திடுக்கிடுவது இந்த இடத்திலேதான். மாத வட்டி பெறுபவர்க்கே இந்த அதிர்ச்சி அதிகம், ஏனெனில் முதிர்ச்சியில் வட்டி பெறுபவர்க்கு அதே குறைவு கண்ணுக்குப் புலப்படாமல் கழிந்துவிடும்.

இனி, மன்றாடுவதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் விண்ணப்பம் எழுதப் புகுவது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம். வைப்பை முறிக்காமல் அதையே ஈடாக வைத்துக் கடன் பெறலாம். வைப்பின் தொண்ணூறு வீதம் வரையிலும், வைப்பு வட்டியைவிட ஓரிரு வீதம் கூடிய வட்டிக்கு, அநேக வங்கிகள் இக்கடனைத் தருகின்றன. அம்மையார் நான்கு இலட்சத்தைப் பத்து வீதத்துக்கு மிகுதி ஐந்து மாதமும் கடனாகப் பெற்றால் வட்டி 16,667 ரூபா. முறிக்கப்படாத பத்து இலட்சம் அதே ஐந்து மாதத்தில் 33,333 ரூபாவைச் சம்பாதிக்கும். கடனையும் வட்டியையும் தீர்த்த பின் அவரிடம் எஞ்சுவது 616,667 ரூபா. வைப்பைத் தண்டத்துடன் முறித்து, நான்கு இலட்சத்தைச் செலவிட்டு, எஞ்சியதை மூன்று வீதச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைத்தாலோ ஐந்து மாத முடிவிலே ஏறத்தாழ 595,700 ரூபாவே மிஞ்சும். இதுவரையில் வியப்பில்லை. ஆனால் வங்கி மனமிரங்கித் தண்டத்தை முழுவதுமே விட்டுக்கொடுத்தாலும் அவருக்கு மிஞ்சுவது 607,500 ரூபாதான். அதாவது, வேண்டிப் பெற்ற சலுகையைக் காட்டிலும் வேண்டாமலே கிடைக்கும் கடன் ஒன்பதாயிரம் ரூபா மேலானது! தேவைப்படாத ஆறு இலட்சத்தையும் எட்டு வீதத்திலிருந்து கீழே இறக்கிவிடுவதே இதற்குக் காரணம்.

தேவை ஒன்பது இலட்சமாக இருந்தால் கணக்குத் திரும்பிவிடும். அப்போது கடன் வழியில் மிஞ்சுவது 95,833 ரூபா, தண்டத்துடன் முறித்தால் 89,437 ரூபா, தண்டம் நீங்கினால் 101,250 ரூபா. நமது உதாரணத்தின் வீதங்களில் இந்தத் திருப்பம் ஏழு இலட்சத்துக்குச் சற்று மேலே நிகழ்கிறது. ஆகவே வைப்பின் பெரும்பகுதி வேண்டியவர்க்கும், கடன் கொடுக்க வங்கி மறுத்தவர்க்குமே தண்ட நீக்க விண்ணப்பம் பிரயோசனமுடையது. நகையை அடகு வைத்துவிட்டு வைப்பைப் பத்திரமாகக் காக்கும் நம்மூர் வழக்கத்தையும் இதே தராசில் நிறுத்துப் பார்ப்பது நன்று. அடகு வட்டி வைப்புக்கடன் வட்டியைவிடக் கூடுதலாக இருந்தால், ஆபத்தில்லாத ஈட்டைப் பெட்டியிலே பூட்டிவைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போகக்கூடிய ஈட்டை நாம் கொடுத்தவர்களாகிறோம்.

கடன் வழிக்கும் ஓர் அபாயம் உண்டு. முதிர்ச்சித் திகதியில் கடனை வைப்பிலிருந்து தீர்த்துவிடும்படி எழுத்திலே கட்டளை கொடாவிட்டால், வைப்பு தானாகவே புதுப்பிக்கப்பட்டு, ஒருவேளை குறைந்த வீதத்துக்கு, இன்னொரு வருடம் ஓடும். அதன் தோளிலே கடன் வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். இந்தத் தானியங்கும் புதுப்பித்தலே வேறொரு வகையில் நல்ல முகாந்தரமும் ஆகும்: வைப்புப் புதுப்பிக்கப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால், முறிப்பைக் கேட்காமல் புதுப்பித்தலை இரத்துச் செய்யும்படி கேட்க வேண்டும். அதற்கு இணங்குவது வங்கிக்கும் இலகு.

சரி, விண்ணப்பிக்கத்தான் வேண்டுமென்றால், எதைக் கேட்பது? இலங்கையிலே குடும்பத் தேவையை முன்னிட்டுத் தண்டமின்றி வைப்பை மீளப்பெறும் சட்ட உரிமை வைப்பாளருக்கு இல்லை. அது வங்கியின் தற்றுணிபுக்கு உட்பட்ட சலுகை. கடலுக்கு அப்பாலும் நிலைமை மிகவும் வேறன்று. இந்திய ரிசர்வ் வங்கி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களின் வைப்பாளர்கள் கடும் நோய்வாய்ப்பட்டால் முதல் முழுவதையும் வைப்பிட்டு மூன்று மாதம் ஆகுமுன்னரே பெறலாம் என்று 2025 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. ஆனால் அந்த விதியிலும் கிடைப்பது முதலேயன்றி வட்டியன்று. ஆதலால், 'தண்டத்தை நீக்கித் தயவு செய்க' என்று பொதுப்பட எழுதாமல், வங்கி கணக்கிலே செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பெயர் சுட்டிக் கேட்பதே உசிதம். மாத வட்டி பெற்றவர், 'இதுவரை செலுத்தப்பட்ட வட்டியை முதலிலிருந்து மீள அறவிடாது விடும்படி' கேட்க வேண்டும். முதிர்ச்சியில் வட்டி பெறுபவர், 'கழிந்த நாட்களுக்கு உடன்பட்ட வீதத்திலேயே வட்டி தரும்படி' கேட்க வேண்டும். அது இயலாதாயின் குறைந்தபட்சம் அந்த ஒரு வீதக் கழிவையாவது நீக்கும்படி அடுத்த வரியிலே கேட்கலாம். நமது அம்மையாருக்கு அதனாலேயே ஏறக்குறைய 5,800 ரூபா மிஞ்சும்.

விண்ணப்பத்துடன் வைத்திய நிபுணரின் கடிதம், வைத்தியசாலையின் செலவு மதிப்பீடு, உறவைக் காட்டும் விவாகப் பதிவு அல்லது பிறப்புச் சான்றிதழ், வேண்டுமானால் கிராம அலுவலரின் அத்தாட்சி ஆகியவற்றின் பிரதிகளை இணைக்க வேண்டும். விதானையாரின் கடிதம் ஒன்றே போதுமென்று நினைப்பவர் உளர். அது வதிவிடத்தையும் உறவையும் நிலைநாட்டுமேயன்றி நோயையும் செலவையும் நிலைநாட்டாது. இத்தனை சான்று எதற்கு என்று சினப்பதிலும் பயனில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் ஏழு சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, பழைய குறைந்த வட்டி வைப்புகளை முறித்துப் புதிய உயர்ந்த வட்டிக்கு மாற்றும் ஆசை எவருக்கும் எழக்கூடியதாயிருந்தது. அத்தகையோரும் மெய்யான அவசரக்காரரும் ஒரே சாளரத்தின் முன் ஒரே காரணத்தைச் சொல்லி நின்றால் வங்கி எவ்வாறு பிரித்தறியும்? ஆகவேதான், பெறும் பணம் வைத்தியசாலையின் பெயருக்கே நேரடியாக அனுப்பப்பட்டாலும் தமக்குச் சம்மதம் என்று விண்ணப்பத்திலே ஒரு வாக்கியம் சேர்ப்பது, பத்துச் சான்றிதழ்களுக்குச் சமமான பலனைத் தருவதுண்டு.

வட்டிச் சலுகையைக் கிளை முகாமையாளர் தாமே தீர்மானிக்க இயலாமல் மேலிடத்துக்கு அனுப்ப நேரலாம் என்பதால், சில நாட்கள் செல்லும் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். பதில் வருமுன் சான்றிதழின் பின்புறத்திலே கையொப்பமிட்டு ஒப்படைத்துவிடக் கூடாது. முறித்தால் எவ்வளவு கிடைக்கும், எந்த வீதம், எந்த நிபந்தனையின்படி என்ற கணக்கைக் கடதாசியிலே கேட்டுப் பெற்று, வைப்பைத் தொடங்கிய அன்று கையொப்பமிட்ட விண்ணப்பப் படிவத்தின் நிபந்தனையோடு ஒப்பிட வேண்டும். பிழை நிகழ்வது பெரும்பாலும் இங்கேதான்: வைப்பிட்ட நாளில் அமுலிலிருந்த வீதத்துக்குப் பதிலாக இன்றைய குறைந்த வீதத்தை எடுப்பதும், முடிந்த ஏழு மாதத்தை ஆறாகக் கொள்வதும் அத்தகைய பிழைகள்.

மறுப்பு வந்தால், மறுப்பின் தன்மையைப் பார்க்க வேண்டும். நிபந்தனை முன்னரே விளக்கப்பட்டு, கணக்கும் சரியாயிருந்து, சலுகை மாத்திரம் மறுக்கப்பட்டிருந்தால், மேல்முறையீடு செய்வதால் பெரும்பயன் விளையும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தவணைக்கு முன் மீளப்பெறுதலின் நிபந்தனை சொல்லப்படவே இல்லையென்றாலோ, வாசிக்கத் தெரியாத மொழியிலே ஒப்பம் வாங்கப்பட்டிருந்தாலோ, கணக்கு நிபந்தனைக்கு முரணாயிருந்தாலோ, அது தயவு கேட்கும் விஷயமன்று. முறைப்பாட்டுக்கு உரிய விஷயம். 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வெளியான நிதியியல் வாடிக்கையாளர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், நிபந்தனைகளையும் கட்டணங்களையும் வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்கும் கடமையை நிதி நிறுவனங்கள்மேல் வைத்திருக்கின்றன. முதலிலே அதே வங்கிக்கு எழுத்து மூலம் முறையிட்டு, திருப்தியான பதில் கிடைக்காத இடத்து மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். 1935 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் விசாரிக்கலாம். கொழும்பிலுள்ள நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். எந்த இடத்திலும் முதற்கேள்வி, வங்கிக்கு எழுதினீர்களா, அதன் பிரதி எங்கே என்பதாகவே இருக்கும்.

நமது குடாநாட்டுக்குப் பிரத்தியேகமான ஒரு தடை எஞ்சியிருக்கிறது. வைப்பு இருவர் பெயரிலே இருந்து, மற்றவர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் மகனோ தமையனோ ஆயிருப்பின், ஒருவர் ஒப்பத்தோடு முதிர்ந்த காசைப் பெறலாம் என்ற ஏற்பாடு இருந்தாலும், முதிராத வைப்பை முறிப்பதற்கு இருவர் ஒப்பமும் வேண்டுமென்று வங்கி கேட்கக்கூடும். அதை ஈடுவைத்துக் கடன் பெறுவதற்கும் அவ்வாறே. மனைவியின் தனிப் பெயரிலுள்ள வைப்புக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணும் தன் அசையும் சொத்தைக் கணவனின் சம்மதமின்றியே கையாளலாம் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமைகள் கட்டளைச்சட்டம் விதித்திருக்கிறது. எழுத்துச் சம்மதம் வேண்டுவது காணிக்கும் வீட்டுக்குமே. வெளிநாட்டிலிருப்பவர் அற்றோணித் தத்துவம் அனுப்புவதாயின், அது அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தப்பட்டு இங்கு வந்து சேர வாரங்கள் செல்லலாம். பொதுவாக 'வங்கி அலுவல்களைக் கவனிக்க' என்று எழுதிய தத்துவத்தை வங்கியின் சட்டப் பிரிவு திருப்பிவிடவும் கூடும்; ஆகவே அதிலே வைப்பின் இலக்கத்தையும், 'முதிர்ச்சிக்கு முன் மீளப்பெறவும், ஈடுவைத்துக் கடன் பெறவும்' என்ற சொற்களையும் வெளிப்படையாகவே எழுதிவிட வேண்டும்.